குடிநீர் வெள்ளை அறிக்கையைச் சுருக்கும்போது தரவு, கூற்று, பரிந்துரை மூன்றையும் பிரிப்பது எப்படி?

நகரக் குடிநீர் வழங்கல் பற்றிய வெள்ளை அறிக்கையைச் சுருக்கித் தரச் சொன்னால், பலரும் அதன் முதல் நான்கு பக்கங்களில் இருக்கும் நிர்வாகச் சுருக்கத்தை எடுத்து, அதையே இன்னும் சுருக்கிவிடுகிறார்கள். அந்த நான்கு பக்கங்களில் தரவு மிகக் குறைவு. அங்கே இருப்பது எழுதியவர்கள் வந்தடைந்த முடிவுகளும், அரசு செய்ய வேண்டியது என்று அவர்கள் கருதுபவையும்தான். எண்கள் எங்கிருந்து வந்தன என்ற விவரமெல்லாம் பின்னிணைப்பில் கிடக்கும். முன்பக்கத்தை மட்டும் சுருக்கினால், அறிக்கை வாதிடும் ஒன்றை நடந்த உண்மைபோல எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இந்தச் சிக்கல் மிக அடர்த்தியாக இருப்பது நீர் இழப்பு பற்றிய பகுதியில். ஏறக்குறைய எல்லா நகரக் குடிநீர் அறிக்கையிலும் அது உண்டு; பெரிய செலவுள்ள பரிந்துரைகளும் அதன்மேல்தான் நிற்கும். ஆகவே அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்து, கடைசி வரை பிரித்துப் பார்ப்போம். கீழே உள்ளது பயிற்சிக்காக எழுதிய மாதிரிப் பத்தி. எந்த நகரத்தையும் குறிப்பதல்ல. ஆனால் இத்தகைய அறிக்கைகள் பேசும் தொனி இதுதான்.

> (1) 20 லட்சம் மக்கள் வாழும் நகரின் நாளொன்றுக்கான நீர்த்தேவை 270 மில்லியன் லிட்டர். வழங்கப்படுவதோ 200 மில்லியன் லிட்டர் மட்டுமே. (2) இதிலும் 40 சதவீதம் கசிவாலும் திருட்டாலும் வீணாகிறது. (3) விநியோகக் குழாய்கள் 40 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை என்பதே இதற்குக் காரணம். (4) எனவே 600 கிலோமீட்டர் குழாய்களை மாற்றுவது இன்றியமையாதது. (5) மாற்றினால் ஐந்து ஆண்டுகளில் இழப்பு 15 சதவீதமாகக் குறைந்து, நகருக்கு நாளொன்றுக்கு 50 மில்லியன் லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். (6) அத்துடன் 100 மில்லியன் லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் நகருக்குத் தேவைப்படுகிறது.

நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர் என்பதைத் துறையில் எம்எல்டி என்பார்கள். இனி அப்படியே எழுதுகிறேன். உங்கள் சுருக்கத்தில் இதை 'மி.லி.' என்று மட்டும் குறுக்கிவிடாதீர்கள். அது மில்லிலிட்டரைக் குறிக்கும்.

முதல் வேலை: பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள்

முன்னுரையைப் புரட்டும் முன் பின்னிணைப்பு அட்டவணைகளையும் 'ஆய்வு முறை' என்ற பகுதியையும் படியுங்கள். அறிக்கையைத் தயாரிக்கச் சொன்னது யார், தயாரித்தது யார், தரவு எந்த ஆண்டுக்குரியது என்ற மூன்றையும் முதல் வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீர்ச் சமநிலைக் கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். சர்வதேச நீர்ச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவம்தான் இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. வலையமைப்புக்குள் அனுப்பிய மொத்த நீரிலிருந்து கட்டணம் விதிக்கப்பட்ட நீரைக் கழித்தால் மிஞ்சுவது 'வருவாய் ஈட்டாத நீர்'. அது மூன்று பங்காகப் பிரியும்: கட்டணமில்லாமல் அனுமதித்துக் கொடுத்த நீர், கணக்கில் மட்டும் காணாமல் போகும் தோற்ற இழப்பு, குழாயிலிருந்தும் தொட்டியிலிருந்தும் வெளியேறும் உண்மைக் கசிவு.

நம் மாதிரி அறிக்கையின் பின்னிணைப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

| கணக்கு | எம்எல்டி | எப்படிக் கிடைத்தது |
|---|---|---|
| அனுப்பிய மொத்த நீர் | 200 | பம்பின் திறன் × ஓடிய மணி நேரம் |
| கட்டணம் விதித்தது | 120 | கட்டணப் பதிவேடு |
| கட்டணமின்றி அனுமதித்தது (பொதுக்குழாய், தீயணைப்பு) | 5 | மதிப்பீடு |
| தோற்ற இழப்பு (அனுமதியற்ற இணைப்பு, குறைத்துக் காட்டும் மீட்டர்) | 30 | மதிப்பீடு |
| உண்மைக் கசிவு | 45 | மேலுள்ளவற்றைக் கழித்தபின் மிஞ்சியது |

அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அது அட்டவணைக்குள் இருக்காது. அடிக்குறிப்பிலோ ஆய்வு முறைப் பகுதியிலோ ஒரு வரியாக ஒளிந்திருக்கும். தேடி எடுத்து நீங்களே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது: வாக்கியத்தை உடையுங்கள்

வாக்கியம் வாக்கியமாக முத்திரை குத்தினால் இந்த வேலை நடக்காது. ஒரே வாக்கியத்துக்குள் மூன்றும் கலந்திருக்கும். ஒரு வினைக்கு ஒரு துண்டு என்று உடைத்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 'த', 'கூ', 'ப' என்று எழுதுங்கள்.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இது பொய் என்று காட்ட என்ன செய்ய வேண்டும்? மீட்டரையோ பதிவேட்டையோ திறந்து பார்த்தால் போதும் என்றால் அது தரவு. மறுவாதம் வைக்க வேண்டும், அல்லது காத்திருந்து பார்க்க வேண்டும் என்றால் அது கூற்று. பொய் என்று காட்டவே முடியாது, ஏற்கவோ மறுக்கவோதான் முடியும் என்றால் அது பரிந்துரை.

முதல் வாக்கியத்தில் '20 லட்சம் மக்கள்' தரவு. 'வழங்கப்படுவது 200' என்பதும் தரவு, ஆனால் மதிப்பிட்ட தரவு. '270 தேவை' என்பதுதான் ஏமாற்றும் இடம். எண்ணாக இருப்பதால் கை தானாக 'த' போட்டுவிடும். அந்த 270 எங்கும் அளக்கப்பட்டதல்ல. 20 லட்சத்தை ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற நெறியளவால் பெருக்கி வந்த விடை. ஒருவருக்கு இவ்வளவு கிடைக்க வேண்டும் என்று முன்பே எடுத்த முடிவு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. எனவே அது கூற்று. 'மட்டுமே' என்ற சொல்லும் கூற்றின் பக்கம்தான் சேரும். அதை உங்கள் சுருக்கத்துக்குள் வர விடாதீர்கள்.

நான்காவதும் ஆறாவதும் பரிந்துரைகள். ஆனால் இரண்டுமே நிலைமையை விவரிப்பதுபோல எழுதப்பட்டிருக்கின்றன. 'இன்றியமையாதது', 'தேவைப்படுகிறது', 'தவிர்க்க முடியாதது', 'காலத்தின் கட்டாயம்' போன்றவை வரும் இடத்தில் நின்று, 'யார் செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். விடை ஒரு துறையின் பெயராகவோ மன்றத்தின் பெயராகவோ வந்தால் அது பரிந்துரைதான். சுருக்கத்தில் 'ஆலை தேவைப்படுகிறது' என்று எழுதாமல் 'ஆலை அமைக்க அறிக்கை பரிந்துரைக்கிறது' என்று எழுதுங்கள்.

மூன்றாவது: தரவுக்குத் தரம் பிரியுங்கள்

'த' போட்ட துண்டுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. அளந்தது, மதிப்பிட்டது, கணக்கிட்டு வந்தது என்று மூன்றாகப் பிரிப்பது இந்தத் துறையில் மிக அவசியம். காரணத்தை நம் அட்டவணையே காட்டும்.

200 எம்எல்டி என்பது பம்பின் பெயர்ப்பலகைத் திறனை, ஓடிய நேரத்தால் பெருக்கியது. பம்பு தேயத் தேய, அது தள்ளும் நீர் பலகையில் உள்ள அளவைவிடக் குறையும். மின்னழுத்தம் குறைந்தாலும் அப்படித்தான். எனவே இந்த முறை பெரும்பாலும் கூட்டியே காட்டும். உண்மையில் 180 எம்எல்டி மட்டுமே போகிறது என்று வையுங்கள். கட்டணம் விதித்த 120 மாறாது. வருவாய் ஈட்டாத நீர் 80-லிருந்து 60 ஆகிறது. 40 சதவீதம் 33 ஆகிறது. கசிவோ 45-லிருந்து 25-க்கு விழுகிறது. மொத்தத்தில் பத்து சதவீதப் பிழை. கசிவில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விட்டது. கசிவை யாரும் நேரடியாக அளக்கவில்லை, கழித்து மிஞ்சியதைத்தான் அப்படி அழைக்கிறார்கள் என்பதால், மேலே உள்ள எல்லா வரிகளின் பிழையும் அந்த ஒரு வரியில் வந்து சேர்கிறது.

கசிவைத் தனியாகச் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பகுதிக்குள் நுழையும் நீரை, மக்கள் தூங்கும் நேரத்தில், வழக்கமாக இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அளப்பார்கள். அப்போதும் ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவு. ஆனால் சில மணி நேரமே நீர் வரும் ஊரில், வீட்டுத் தொட்டிகள் இரவில் நிரம்பும் இடத்தில், இந்த அளவும் கசிவைக் கூட்டிக் காட்டும். அறிக்கை அதைக் குறிப்பிட்டிருந்தால் நீங்களும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, வகுக்கும் எண். 'ஒருவருக்கு எத்தனை லிட்டர்' என்ற கேள்விக்கு இதே அட்டவணையிலிருந்து மூன்று விடைகள் எடுக்கலாம். அனுப்பிய 200-ஐ வகுத்தால் 100 லிட்டர். மக்கள் உண்மையில் பயன்படுத்திய நீரை, அதாவது கட்டணம் கட்டியதும் கட்டாததுமாகச் சேர்ந்த 155-ஐ வகுத்தால் 77.5 லிட்டர். கட்டணம் விதித்ததை மட்டும் வகுத்தால் 60 லிட்டர். ஒரே அறிக்கை, சாதனையைச் சொல்லும் அத்தியாயத்தில் முதலாவதையும் பற்றாக்குறையைச் சொல்லும் அத்தியாயத்தில் மூன்றாவதையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் சரியான எண்கள்தான். எது எதை வகுத்து வந்தது என்று எழுதாமல் ஒன்றை மட்டும் சுருக்கத்தில் வைப்பதுதான் தவறு.

நான்காவது: கூற்றின் கீழே என்ன இருக்கிறது?

இரண்டாவது வாக்கியம் '40 சதவீதம் வீணாகிறது' என்கிறது. 80/200 என்பதால் 40 சரி. 'வீணாகிறது' என்பது சரியல்ல. அந்த 80-க்குள் 5 எம்எல்டி அனுமதித்துக் கொடுத்தது. 30 எம்எல்டி யாரோ பயன்படுத்தி, ஆனால் கணக்கில் ஏறாதது. மண்ணுக்குள் போவது 45, அதாவது 22.5 சதவீதம். வருவாய் ஈட்டாத நீரைக் கசிவாகப் படிப்பது செய்திகளிலும் சுருக்கங்களிலும் அடிக்கடி நிகழும் தவறு. அறிக்கையே அந்தத் தவறைச் செய்தால், நீங்கள் சத்தமில்லாமல் திருத்திவிடக் கூடாது. அறிக்கை சொன்ன சொல்லை அதன் பெயரிலேயே வைத்து, பின்னிணைப்பு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாவது வாக்கியம் காரணம் சொல்கிறது. குழாயின் வயது தரவு; பதித்த ஆண்டின் பதிவேடு இருக்கும். 'அதனால்தான் இழப்பு' என்பது கூற்று. அதைத் தாங்க வேண்டிய தரவு வேறு: எந்த வயதுக் குழாயில், எந்தப் பொருளாலான குழாயில், ஆண்டுக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை உடைப்புகள் என்ற பதிவு. கசிவுக்கு வயது ஒன்றே காரணமல்ல. அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். வீட்டு இணைப்புக் குழாய்களும் இணைப்பு மூட்டுகளும் பல வலையமைப்புகளில் கசிவின் முக்கிய இடங்கள். பிரதானக் குழாயை மாற்றி, பழைய வீட்டு இணைப்பை அப்படியே ஒட்டவைத்தால் அந்தக் கசிவு தொடரும். உடைப்புப் பதிவு பின்னிணைப்பில் இல்லையென்றால், உங்கள் குறிப்பில் 'காரணக் கூற்று. வயது தவிர வேறு தரவு தரப்படவில்லை' என்று எழுதுங்கள். 'தவறான கூற்று' என்று எழுத உங்களிடமும் தரவில்லை.

இத்தகைய கூற்றுகளுக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு துணைக்கு வருவதுண்டு. கம்போடியத் தலைநகர் புனோம் பென் அவற்றுள் பெயர்பெற்றது. அங்கே 1993-இல் 72 சதவீதமாக இருந்த இழப்பு, பின்னர் ஏறக்குறைய 6 சதவீதத்துக்குக் குறைந்தது. அது தரவு. 'குழாய்களை மாற்றியதால் குறைந்தது' என்று உங்கள் அறிக்கை எழுதினால் அது அறிக்கையின் கூற்று. அந்நகரில் குழாய் மாற்றத்தோடு எல்லா இணைப்புக்கும் மீட்டர், அனுமதியற்ற இணைப்புகளை ஒழித்தல், கட்டண வசூல் சீர்திருத்தம், குடிநீர் நிறுவனத்துக்குத் தன்னாட்சி எல்லாம் சேர்ந்தே நடந்தன. சுருக்கத்தில் தரவையும் அதிலிருந்து இழுத்த காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் 'ஆல்' உருபு போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

ஐந்தாவது: பரிந்துரையிலிருந்து தரவுக்குக் கோடு போடுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் தரவு, நடுவில் கூற்று, வலப்பக்கம் பரிந்துரை என்று மூன்று நெடுவரிசை. வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இந்தப் பரிந்துரை எந்தக் கூற்றின்மேல் நிற்கிறது, அந்தக் கூற்று எந்த எண்ணின்மேல் நிற்கிறது? முன்னோக்கிப் போனால் அறிக்கையின் ஓட்டமே நம்மை இழுத்துப் போய்விடும். பின்னோக்கி வந்தால்தான் அறுந்த இடம் தெரியும்.

குழாய் மாற்றும் பரிந்துரை ஐந்தாவது வாக்கியத்தின் எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது: 40 சதவீதம் 15 ஆகும், 50 எம்எல்டி கிடைக்கும். கணக்கு ஒத்துப்போகிறது; 80-இலிருந்து 30-ஐக் கழித்தால் 50. ஆனால் பின்னிணைப்புக்குக் கோடு போட்டால் சிக்கல் வெளிப்படும். குழாய் மாற்றம் குறைக்கக்கூடியது கசிவை மட்டுமே. கசிவே 45 எம்எல்டி. அதில் ஒரு சொட்டுகூட விடாமல் நிறுத்தினாலும் மீதி 35 எம்எல்டி, அதாவது 17.5 சதவீதம், அப்படியே இருக்கும். 15 சதவீதம் என்ற இலக்கை இந்தப் பரிந்துரையால் மட்டும், அறிக்கையின் சொந்த எண்களை வைத்தே, எட்ட முடியாது. மீட்டர் மாற்றமும் இணைப்புகளை முறைப்படுத்துவதும் சேர வேண்டும். அவை கொண்டுவருவது பெரும்பாலும் வருவாயை. இணைப்பு முறையாகி மீட்டர் ஓடத் தொடங்கியபின் சிலர் பயன்பாட்டைக் குறைக்கலாம். அது எவ்வளவு என்பது தனிக் கூற்று, தனித் தரவு கேட்கும்.

ஆலைக்கு வருவோம். பற்றாக்குறை 70 எம்எல்டி என்கிறது அறிக்கை. குழாய் மாற்றம் 50 தரும் என்கிறது. மீதி 20. கேட்பதோ 100. எதிர்கால மக்கள்தொகைக்காக இருக்கலாம், கோடைக்கான இருப்பாக இருக்கலாம். அறிக்கையில் வேறெங்காவது அந்தக் கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இது தாங்கல் இல்லாத பரிந்துரை. நீங்களாக ஒரு காரணத்தைக் கற்பித்து இட்டு நிரப்ப வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்யும் அந்த இட்டுநிரப்பல்தான், படிப்பவருக்கு இல்லாத ஆதாரத்தை இருப்பதாகக் காட்டிவிடுகிறது.

தேவைக் கணக்கையும் ஒருமுறை உரசிப் பாருங்கள். 135 லிட்டர் என்பது வீட்டுக் குழாயடியில் கிடைக்க வேண்டிய அளவா, வலையமைப்புக்குள் அனுப்ப வேண்டிய அளவா? முதலாவது என்றால் 270-ஐ, அனுப்பும் 200-உடன் ஒப்பிட்டது பொருந்தாது. இழப்பையும் சேர்த்து ஒப்பிட்டிருக்க வேண்டும். இதற்கு அறிக்கையில் விடை இல்லையென்றால் கேள்வியாகவே குறித்துவையுங்கள்.

எழுதும்போது

மூன்றையும் பிரித்து எழுத, மூன்று தலைப்பு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. இரண்டு பக்கச் சுருக்கமென்றால் தலைப்பு உதவும். ஒரு பத்தி மட்டும் என்றால் வினைச்சொற்களே வேலையைச் செய்யும். அளந்ததற்கு 'அளந்துள்ளது', மதிப்பிட்டதற்கு 'மதிப்பிடுகிறது', கூற்றுக்கு 'வாதிடுகிறது' அல்லது 'எதிர்பார்க்கிறது', பரிந்துரைக்கு 'பரிந்துரைக்கிறது'. எல்லாவற்றுக்கும் 'தெரிவிக்கிறது' என்று எழுதினால் இதுவரை பிரித்ததெல்லாம் மறுபடி கலந்துவிடும். 'கண்டறியப்பட்டுள்ளது' போன்ற செயப்பாட்டு வினையையும் தவிருங்கள். யார் கண்டறிந்தார்கள் என்பதை அது மறைக்கும்.

நம் மாதிரிப் பத்தியின் சுருக்கம் இப்படி அமையலாம்:

> நகருக்கு 200 எம்எல்டி நீர் அனுப்பப்படுவதாக அறிக்கை மதிப்பிடுகிறது. இது பம்புத் திறனைக் கொண்டு போட்ட கணக்கு, மீட்டரில் அளந்ததல்ல. கட்டணம் விதிக்கப்படுவது 120. மீதி 80 எம்எல்டியில் (40 சதவீதம்) 45-ஐக் கசிவாகவும், 30-ஐக் கணக்கில் ஏறாத பயன்பாடாகவும், 5-ஐக் கட்டணமில்லா வழங்கலாகவும் பின்னிணைப்பு பிரிக்கிறது. அறிக்கையின் உடற்பகுதி 80 முழுவதையும் 'வீண்' என்கிறது. ஒருவருக்கு 135 லிட்டர் என்ற நெறியளவின்படி தேவை 270 எம்எல்டி என்று கணக்கிடுகிறது. இழப்புக்குக் குழாய்களின் வயதே காரணம் என்று வாதிடுகிறது. உடைப்புப் பதிவுகள் தரப்படவில்லை. 600 கி.மீ. குழாயை மாற்றவும், 100 எம்எல்டி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை அமைக்கவும் பரிந்துரைக்கிறது. குழாய் மாற்றத்தால் இழப்பு ஐந்து ஆண்டுகளில் 15 சதவீதமாகி 50 எம்எல்டி மிச்சமாகும் என்று எதிர்பார்க்கிறது.
>
> சுருக்கியவர் குறிப்பு: பின்னிணைப்பின்படி மொத்தக் கசிவே 45 எம்எல்டி, குழாய் மாற்றம் மட்டும் 50-ஐத் தராது. ஆலையின் திறன் 100 எம்எல்டி என்று தீர்மானித்த கணக்கு அறிக்கையில் இல்லை.

உங்கள் சரிபார்ப்பு கடைசியில், தனிப் பத்தியாக, உங்கள் பெயரில் நிற்பதைக் கவனியுங்கள். அது நான்காவது வகை. அறிக்கையின் தரவோடும் கூற்றோடும் கலக்கக் கூடாது. மேலதிகாரி குறிப்பு வேண்டாம் என்றால் அதை அப்படியே வெட்டி எடுத்துவிடலாம், மேலுள்ள பத்தி அசையாது. குறிப்பை வெட்டும்போது மேலே இருக்கும் ஏதாவது வாக்கியம் தடுமாறினால், உங்கள் கருத்து எங்கோ உள்ளே கசிந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை அறிக்கையின் பக்க எண்ணோடு ஒப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் த, கூ, ப போடச் சொல்லுங்கள். உங்கள் தாளில் உள்ள முத்திரையோடு எது பொருந்தவில்லையோ, அதன் வினைச்சொல்லை மாற்றுங்கள். முதலில் சிக்குவது பெரும்பாலும் 'தேவை' வரும் வாக்கியமாகத்தான் இருக்கும்.